தேயிலைக் கிடங்குக்குப் பார்கோடா, ஆர்எஃப்ஐடியா?

சேலத்திலிருந்து காரில் ஊட்டிக்கு வருகிறவர் ஒரே பயணத்தில் இரண்டு தொழில்நுட்பங்களையும் கடந்துவிடுகிறார். விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் பதில் சொல்கிறது, தடுப்புக்கட்டை உயர்கிறது. அது ஆர்எஃப்ஐடி, அதாவது வானொலி அலையால் படிக்கும் அடையாளச் சில்லு. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாரிலோ, கோத்தகிரி வழி வந்தால் குஞ்சப்பனையிலோ வண்டியை நிறுத்தி, கைபேசியில் இருக்கும் இ-பாஸை நீட்ட வேண்டியிருக்கிறது. அதில் இருப்பது கியூஆர் கோடு, அதாவது பார்கோட்டின் சதுர வடிவம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது அது.

இரண்டும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டி வருடம் முழுக்கப் பல சாவடிகளில் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை காசு கொடுத்து ஒட்டினால் ஆயிரம் தடவை பயன்படும். இ-பாஸ் ஒரு பயணத்துக்கானது. அதற்காக ஒவ்வொரு சுற்றுலாப் பயணிக்கும் ஒரு சில்லை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. படம் ஒன்றைத் திரைக்கு அனுப்பினால் போதும், செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். பதிலுக்கு, ஒருவர் குனிந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் கணக்கு வைக்கும் மென்பொருள் போட்டுத் தருவது என் வேலை. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது: "பார்கோடு பழசாச்சே, நேரா ஆர்எஃப்ஐடிக்கே போயிடலாமா?" கோத்தகிரிப் பக்கம் ஒரு கிடங்கில் இந்தக் கேள்விக்காகச் சில வாரங்கள் செலவழித்தோம். அங்கே தெரிந்துகொண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்களுடைய சிக்கல் என்னவென்று சொல்ல வேண்டும். மூட்டை காணாமல் போவதுதான் பிரச்சினை என்று முதலாளி நினைத்திருந்தார். உண்மையில் அங்கே மூட்டை காணாமல் போனது அபூர்வம். குன்னூர் ஏலத்துக்குப் போன ஒரு லாட்டில் 40 மூட்டை. எண்ணிக்கை சரி, எடை சரி, கிரேடும் சூப்பர் ரெட் டஸ்ட்தான். தேயிலைத் தொழிலில் இன்வாய்ஸ் என்றால் பில் இல்லை, ஒரே கிரேடில் சேர்ந்து தயாராகி ஒரு எண் பெற்ற மூட்டைகளின் தொகுதி. இரண்டு மூட்டைகள் மட்டும் 218ஆம் இன்வாய்ஸுக்குப் பதிலாக 221ஆம் இன்வாய்ஸிலிருந்து ஏறிவிட்டன. இரண்டு நாள் கழித்து, முற்றல் இலை வந்த நாளில் தயாரித்த தூள் அது. வெளியே பார்த்தால் மூட்டைகள் ஒரே மாதிரி. வாங்கியவர் ஏலத்துக்கு முன் சாம்பிள் எடுத்துச் சுவைத்துப் பார்த்து விலை சொன்னவர். பிரித்த மூட்டையின் சாயமும் கடுப்பும் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்றதும் புகார் வந்தது. இரண்டு மூட்டையின் விலையைவிட அந்தத் தொழிற்சாலையின் முத்திரைக்கு வந்த கெட்ட பெயர் பெரிய நஷ்டம்.

ஆக, அங்கே வேண்டியிருந்தது எண்ணிக்கையின் துல்லியம் மட்டுமில்லை. "இது எந்த மூட்டை" என்ற அடையாளத்தின் துல்லியம். இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பார்கோடா ஆர்எஃப்ஐடியா என்ற விவாதம் பல இடங்களில் குழம்புகிறது.

பார்கோடு வெளிச்சத்தால் வேலை செய்கிறது. ஸ்கேனர் ஒளியை அடிக்கிறது, கறுப்புக் கோடு விழுங்குகிறது, வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது, அந்த அகலங்களின் வரிசை எண்ணாக மாறுகிறது. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து இருக்கும். கிடங்குகளில் பெரும்பாலும் புழங்கும் கோட் 128 வகையில் மற்ற எழுத்துகளை எல்லாம் வைத்துக் கணக்கிட்டு அந்தக் கடைசி எழுத்து வருவதால், தப்பாகப் படித்து வேறு எண்ணைச் சொல்வது மிக அரிது. கோடு கிழிந்திருந்தால் ஸ்கேனர் சும்மா இருந்துவிடும். அதாவது பார்கோடு பொய் சொல்லாது. படிக்க முடியாவிட்டால் பேசாமல் இருக்கும், படித்தால் நாம் நீட்டிய பொருளைத்தான் படித்திருக்கும்.

ஆர்எஃப்ஐடி வானொலி அலையால் வேலை செய்கிறது. கிடங்குக்குப் பொருந்தும் வகையில் டேக் என்பது மெல்லிய ஆன்டெனாவும் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு சில்லும்தான். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அலையை மாற்றி மாற்றிப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005இலேயே தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடப்பட்டது. ஃபாஸ்டேக்கும் அதே அலைவரிசைதான். நேர்க்கோட்டில் பார்க்க வேண்டியதில்லை, சில மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கும், நூறு டேக் ஒன்றாக இருந்தாலும் சில நொடிகளில் ஒவ்வொன்றாகப் பதில் வாங்கிவிடும். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும். விற்க வருகிறவர்களும் அப்படித்தான் காட்டுவார்கள்: மேசை மேல் ஐம்பது காலி அட்டைப்பெட்டி, ஒரு வீச்சில் ஐம்பதும் திரையில்.

நம் கிடங்கில் இருப்பது காலி அட்டைப்பெட்டி அல்லவே. தேயிலைத் தூள் ஈரத்தை இழுக்கும் பொருள். உலர்த்தி எடுக்கும்போது ஈரம் 3 சதவீத அளவில் இருக்கும். கோத்தகிரி மூடுபனியில் ஒரு வாரம் திறந்து வைத்தால் தூள் பதம் கெட்டுவிடும். அதனால் ஏற்றுமதித் தரத்துக்குப் பல அடுக்குக் காகித மூட்டை, அதன் உள்ளடுக்கில் அலுமினியப் படலம். அந்தப் படலத்தின் தடிமன் பத்து மைக்ரானுக்குள்தான் இருக்கும். ஆனால் 866 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் மூன்று மைக்ரான் தூரம் போவதற்குள் வலுவிழந்துவிடும், பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். ஈரத்தைத் தடுக்கப் போட்ட சுவர் அலையையும் தடுக்கிறது. டேக்கை மூட்டைக்குள் போட்டால் அது இரும்புப் பெட்டிக்குள் வைத்த கைபேசி. மூட்டைக்கு வெளியே ஒட்டினால் அது இன்னொரு வகையில் கெடுகிறது: உலோகத்தோடு ஒட்டிக்கிடக்கும் ஆன்டெனாவின் சுதி மாறிவிடும், சில்லு விழிப்பதற்கு வேண்டிய மின்சாரமே கிடைக்காது.

நாங்கள் செய்து பார்த்தோம். கையில் பிடிக்கும் ரீடர் ஒன்றை இரண்டு வாரத்துக்குக் கடனாக வாங்கி, சாதாரண லேபிள் டேக்குகளோடு கிடங்குக்குள் இறங்கினோம். அங்கே இரண்டு வகை மூட்டைகள் இருந்தன. ஒன்று படலம் வைத்த காகித மூட்டை. இன்னொன்று உள்நாட்டுச் சந்தைக்கான பிளாஸ்டிக் நெய்த மூட்டை, உள்ளே பாலித்தீன் பை. நெய்த மூட்டை மேல் ஒட்டிய டேக்கை நான்கு மீட்டரிலிருந்து சுலபமாகப் படித்தது. உலர்ந்த தேயிலை அலைக்குப் பெரிய தடையே இல்லை. காகித மூட்டை மேல் ஒட்டியதை, ரீடரைக் கிட்டத்தட்ட மூட்டையில் வைத்து அழுத்தினால்தான் எப்போதாவது ஒரு தடவை படித்தது.

சரி, படலத்திலிருந்து டேக்கை விலக்கி வைத்தால்? மூட்டையின் வாயைத் தைக்கும்போதே டேக்கை நூலோடு சேர்த்துத் தைத்து, கொடி மாதிரி ஐந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டோம். இது நல்ல வழி, இரண்டு மீட்டரிலிருந்து படித்தது. ஆனால் மூட்டையை அடுக்கியதும் மேல் மூட்டை அந்தக் கொடியை மடக்கிப் படலத்தோடு படுக்கவைத்துவிட்டது, மறுபடி மௌனம். இந்தச் சின்ன விஷயத்தை எந்த விளக்கப் படத்திலும் பார்க்க முடியாது. முப்பது கிலோ பாரம் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

அப்புறம் அடுக்கைச் சோதித்தோம். அகலத்தில் நான்கு, ஆழத்தில் இரண்டு, உயரத்தில் ஆறு, மொத்தம் 48 காகித மூட்டைகள். முன்வரிசை 24. இந்தத் தடவை கொடி மடங்காதபடி தைத்த முனைகளை எல்லாம் வெளிப்பக்கம் பார்க்க வைத்தோம். முன்வரிசையில் பெரும்பாலானவை பதில் சொன்னன. பின்வரிசை சுத்தமாகப் பேசவில்லை, ஏனென்றால் அவற்றுக்கும் ரீடருக்கும் நடுவே முன்வரிசையின் 24 அலுமினியச் சுவர்கள். இன்னும் மோசமான விஷயம் வேறு. எதிர்ச் சுவரோரம் இருந்த வேறு இன்வாய்ஸின் நெய்த மூட்டைகள் சில, நாங்கள் கேட்காமலேயே திரையில் வந்து சேர்ந்தன. அலுமினியச் சுவரில் பட்டுத் திரும்பிய அலை பின்னால் இருந்தவற்றை எழுப்பிவிட்டது.

இதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள அடிப்படை வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். பார்கோடு நாம் எதைக் காட்டினோமோ அதைச் சொல்கிறது. ஆர்எஃப்ஐடி அந்த நேரத்தில் யார் யார் காதில் கேள்வி விழுந்ததோ, அவர்களில் யாரால் பேச முடிந்ததோ, அந்தப் பட்டியலைச் சொல்கிறது. அதில் இரண்டு வகைத் தவறு ஒரே நேரத்தில் நடக்கும். இருப்பது விடுபடும், இல்லாதது சேரும். விடுபட்டது ஐந்து, சேர்ந்தது ஐந்து என்றால் மொத்த எண்ணிக்கை அழகாகச் சரியாக வரும். அதனால் ஆர்எஃப்ஐடி சோதனையில் யாராவது "48 வந்திருக்கு பாருங்க" என்று சொன்னால் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. எந்தெந்த எண்கள் வந்தன என்று எதிர்பார்த்த பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். நம் கிடங்கின் நோயே 218க்குப் பதில் 221 ஏறியதுதான் என்னும்போது, பக்கத்து அடுக்கின் மூட்டையைக் கூப்பிடாமலேயே சேர்த்துக்கொள்ளும் கருவி அந்த நோயை வளர்க்கும்.

வாசலில் ஆன்டெனா வைத்து, வெளியே போகும் மூட்டையை மட்டும் படிக்கலாமே என்று தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கேட்டார். நல்ல கேள்வி. பெரிய சரக்குக் கிடங்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே பலகை மேல் அடுக்கிய சரக்கு வண்டியில் உருண்டு போகும். இங்கே லோடுமேன் மூட்டையை முதுகில் சுமந்து போகிறார். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். டேக் அவர் முதுகுக்கும் மூட்டைக்கும் நடுவே சிக்கினால் விடுபடும். வாசலுக்கு இரண்டு மீட்டரில் அடுத்த லோடுக்காக இறக்கி வைத்த மூட்டைகள் வேறு சேர்ந்துகொள்ளும். ஆன்டெனாவின் சக்தியைக் குறைக்கலாம், வாசலுக்கு இருபுறமும் தகடு அடித்துக் குகை மாதிரி செய்யலாம். செய்தால் வேலை செய்யும். அந்தச் செலவைப் போட்டு நாம் சம்பாதிப்பது என்ன என்பதுதான் கேள்வி.

சம்பாதிப்பது நேரம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாரிக்கு 300 மூட்டை. ஒரு மூட்டையை ஸ்கேன் செய்ய 3 நொடி என்றால் மொத்தம் 15 நிமிடம். ஆனால் மூட்டைகள் எப்படியும் ஒவ்வொன்றாகத்தான் வாசலைத் தாண்டுகின்றன, லோடு ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியிலேயே ஸ்கேன் முடிந்துவிடுகிறது. லாரி ஒரு நிமிடம்கூட முன்னால் கிளம்பப் போவதில்லை. ஆர்எஃப்ஐடியின் பெரிய பலம் மொத்தமாகப் படிப்பது. மொத்தமாக நகராத சரக்கில் அந்தப் பலத்துக்கு வேலை இல்லை.

இனி பணம். இங்கே சொல்லும் விலைகள் ஒரு கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வாங்கும் அளவைப் பொறுத்து ஏறும், இறங்கும். நாளைக்கு 10,000 கிலோ பச்சை இலை வாங்கும் தொழிற்சாலையில் சுமார் 2,400 கிலோ தூள் வரும். மூட்டைக்கு 32 கிலோ என்றால் 75 மூட்டை. இலை குறையும் மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு 20,000 மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பார்கோடு லேபிள் ஒன்று 40 பைசா என்றால் வருடத்துக்கு 8,000 ரூபாய். சாதாரண ஆர்எஃப்ஐடி லேபிள் 10 ரூபாய் என்றால் 2 லட்சம். உலோகத்தின் மேலும் வேலை செய்யும்படி நடுவே நுரை வைத்துச் செய்த டேக் இருக்கிறது. அது 60 ரூபாய் என்றால் 12 லட்சம். மூட்டையோடு டேக்கும் போய்விடும், திரும்பி வராது. அடுத்த வருடம் மறுபடி அதே செலவு. கருவிகளிலும் இதே மாதிரி இடைவெளிதான். நல்ல ஸ்கேனர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்எஃப்ஐடி ரீடர், கையில் பிடிப்பதோ வாசலில் மாட்டுவதோ, அதைப்போல் பத்து மடங்காவது ஆகும்.

டேக்கின் விலையைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கச் சொல்வது வழக்கம். அந்த அளவுகோல் போதாது. கிலோ 100 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு மூட்டை 3,200 ரூபாய். அதில் 10 ரூபாய் டேக் என்பது வெறும் 0.3 சதவீதம், தாராளமாகத் தாங்கும். ஆனாலும் வீண்தான், ஏனென்றால் அந்த 10 ரூபாய் இங்கே எந்தத் தவறையும் கூடுதலாகப் பிடித்துத் தரவில்லை. டேக் எந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது, எந்தத் தவறைப் பிடிக்கிறது என்று அதன் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஊட்டியில் ஸ்வெட்டர் கடைகள். ஏப்ரல், மே சீசனுக்கு முன் ஒரு கடையில் 3,000 உருப்படி வந்து இறங்குகிறது என்று வையுங்கள். நிறம் பத்து, அளவு ஆறு, மடித்து அலமாரியில் அடுக்கியிருக்கும். பார்கோட்டில் ஸ்டாக் எடுக்க ஒவ்வொன்றையும் இழுத்து, சீட்டைத் தேடி, ஸ்கேன் செய்து, திரும்ப மடித்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு 10 நொடி என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதனால் கடைக்காரர் வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார். நடுவில் "எல்" அளவு நீலம் மேலே பரணில் இருந்தும், கீழே இல்லை என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார். ஸ்வெட்டரில் உலோகம் இல்லை, ஈரம் இல்லை. கையில் ரீடரோடு அலமாரி ஓரமாக நடந்தால் அரை மணியில் முடிந்துவிடும், வாரம் ஒரு தடவை எடுக்கலாம். 10 ரூபாய் டேக் 800 ரூபாய் ஸ்வெட்டரில் ஒன்றேகால் சதவீதம். தேயிலை மூட்டையைவிட நான்கு மடங்கு பாரம், ஆனால் இங்கே அது தன் கூலியைச் சம்பாதிக்கிறது. உலகத்தில் ஆர்எஃப்ஐடி நிஜமாகவே வேரூன்றிய இடம் துணிக்கடைதான் என்பது தற்செயல் இல்லை. 2003இல் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்கள் நூறு பேரும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தபோது, திரவப் பாட்டில்களும் உலோக டப்பாக்களும் இருந்த சரக்கில் இதே மௌனத்தைத்தான் எல்லாரும் சந்தித்தார்கள்.

காரட் பெட்டிகளையும் சொல்ல வேண்டும். ஊட்டி, கேத்திப் பக்கம் கழுவிய காரட்டை பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினால் பெட்டி திரும்பி வர வேண்டும், வராத பெட்டிதான் தகராறு. பெட்டியில் பதித்த கெட்டியான டேக் ஒன்று 40 ரூபாய் ஆனாலும் 200 நடை வந்தால் ஒரு நடைக்கு 20 பைசா, காகித லேபிளைவிட மலிவு. ஃபாஸ்டேக்கின் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் காரட் நிறைந்த பெட்டியைப் படிக்க நினைக்கக் கூடாது, காரட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காலிப் பெட்டி திரும்பி வரும்போது படித்தால் போதும்.

மறுபடி கிடங்குக்கு வருகிறேன். பார்கோடு என்று முடிவு செய்ததோடு வேலை முடியவில்லை, அதன் தவறுகள் வேறு வகை. எல்லாரும் முதலில் செய்யும் பிழை, மளிகைக் கடைப் பார்கோட்டை மனதில் வைத்துக்கொண்டு லேபிள் அடிப்பது. கடையில் வாங்கும் 250 கிராம் டீ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். அதே பாக்கெட் ஆயிரம் இருந்தாலும் ஆயிரத்திலும் அதே எண்தான். அது பொருளின் வகையைச் சொல்கிறது, இந்தப் பாக்கெட் எது என்பதைச் சொல்லவில்லை. பில் போட அது போதும். அதே யோசனையில் ஒரு இன்வாய்ஸின் 40 மூட்டைக்கும் ஒரே லேபிளை அடித்தால், கிடங்கில் இருப்பவர் மேலே இருக்கும் ஒரு மூட்டையை 40 தடவை ஸ்கேன் செய்துவிட்டு வேலை முடிந்தது என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, கணினி அதை ஏற்றுக்கொள்கிறதே.

நாங்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் தனி எண் கொடுத்தோம். லேபிளில் இப்படி இருக்கும்:

```
I218-SRD-017
```

218ஆம் இன்வாய்ஸ், சூப்பர் ரெட் டஸ்ட், 17ஆவது மூட்டை. இதே எண் இரண்டாவது தடவை வந்தால் கணினி வாங்காது. 218க்கான லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது `I221` என்று தொடங்கும் எண் வந்தால் ஸ்கேனர் நீளமாகக் கத்தும், லோடுமேன் மூட்டையை அங்கேயே இறக்குவார். தவறு நடந்த இடத்திலேயே பிடிபடுகிறது. ஆர்எஃப்ஐடி பார்கோட்டைவிடத் துல்லியம் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் இந்தத் தனி எண்ணின் புகழ். ஆர்எஃப்ஐடி டேக்கில் பிறவியிலேயே ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பார்கோட்டில் அதை நாம்தான் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

லேபிளை அடிக்கும் நேரமும் முக்கியம். இன்வாய்ஸுக்கு 40 லேபிளை மொத்தமாக முன்னாலேயே அடித்து மேசையில் வைத்தால் அவை இடம் மாறி ஒட்டப்படும். அதனால் தராசில் மூட்டை நின்று எடை பதிவான பிறகுதான் அதற்கான ஒரே ஒரு லேபிள் வெளியே வரும்படி வைத்தோம்.

மலைக்கென்று இருக்கும் தொல்லை ஒட்டுவதில் வந்தது. மூட்டையின் மேல் எப்போதும் மெல்லிய டீ டஸ்ட் படிந்திருக்கும். பசை அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ளுமே தவிர மூட்டையைப் பிடிக்காது. ஆடி மாதத்து ஈரத்தில் ஒரு வாரத்தில் லேபிளின் ஓரம் சுருண்டது. உரிந்து விழுந்த லேபிள்களைக் கிடங்கு ஆள் பத்திரமாக ஒரு அட்டையில் ஒட்டி வைத்திருந்தார், நல்ல எண்ணத்தில்தான். லோடு ஏறும்போது அந்த அட்டையையே ஸ்கேன் செய்தார். மூட்டை ஏறியதா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? பார்கோடு பொய் சொல்லாது என்றேன். ஆனால் அது லேபிளைப் பற்றித்தான் பேசுகிறது, மூட்டையைப் பற்றி இல்லை. இரண்டும் பிரிந்தால் அதன் துல்லியம் அத்தனையும் போய்விடும்.

அதற்கு விடையை எங்கள் ஆர்எஃப்ஐடி சோதனையே கொடுத்தது. டேக்கைத் தையலோடு சேர்த்துத் தைத்தோமே, அதே மாதிரி பார்கோட்டையும் கெட்டியான சீட்டில் அடித்து மூட்டையின் வாயோடு தைத்துவிட்டோம். கொடி மடங்கினாலும் பரவாயில்லை, விரலால் நிமிர்த்தினால் ஸ்கேனர் படித்துவிடும். மூட்டையைப் பிரிக்காமல் சீட்டைப் பிரிக்க முடியாது. அச்சடிப்பதிலும் ஒரு மாற்றம் செய்தோம். சூட்டில் தானே கறுக்கும் பில் காகித வகையை விட்டுவிட்டு, ரிப்பன் போட்டு அடிக்கும் பிரின்டருக்கு மாறினோம். பில் காகித வகை வெயில் படும் ஜன்னலோரத்தில் சில வாரங்களில் வெளிறிவிடுகிறது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை இடம் விட வேண்டும் என்பதையும் அச்சடிக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சீட்டைச் சின்னதாக்க அவர் அந்த வெள்ளையை வெட்டிவிட்டார், கோடு பளிச்சென்று இருந்தும் ஸ்கேனர் படிக்கவே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனர் தெரிந்துகொள்கிறது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். பேக்கிங் அறையின் சூட்டுக்கும் கிடங்கின் குளிருக்கும் நடுவே ஸ்கேனரைக் கொண்டுபோனால், குளிரில் கிடந்த கண்ணாடியில் பனி படிந்து பத்து நிமிடம் படிக்காது. ஒவ்வொரு அறைக்கும் தனி ஸ்கேனர் வைப்பது மலிவான தீர்வு. கிடங்குக்குள் நெட்வொர்க் கிடைப்பதில்லை, மழை நாளில் கரண்டும் போகும். அதனால் ஸ்கேன் செய்ததைக் கருவியே சேர்த்து வைத்து, அலுவலகத்துக்கு வந்ததும் அனுப்பும் வகையை வாங்கினோம். நேரடி இணைப்பு இல்லாதபோது தப்பான மூட்டைக்குக் கத்த வேண்டுமே, அதற்காகக் காலையில் அன்றைய லோடுப் பட்டியலைக் கருவிக்குள் ஏற்றிவிடுகிறோம்.

பார்கோடு தீர்க்காத ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறு மூட்டை உயரத்துக்கு, இரண்டு மூன்று வரிசை ஆழத்துக்கு அடுக்கியதில் உள்ளே இருப்பதை அது பார்க்காது. மாதக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போது இது வலிக்கும். இதற்கு நாங்கள் அடுக்கும் முறையைத்தான் மாற்றினோம். தரையில் பெயின்டால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு எண் கொடுத்து, சுவரில் அந்த எண்ணுக்குப் பார்கோடு ஒட்டினோம். மூட்டை உள்ளே வரும்போது கட்டத்தை ஒரு தடவை, மூட்டையை ஒரு தடவை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே இன்வாய்ஸ், தைத்த முனை நடைபாதைப் பக்கம். ஸ்டாக் எடுக்கிறவர் முன்வரிசையை ஸ்கேன் செய்து, ஆழத்தைக் கண்ணால் எண்ணி, கணினியோடு ஒப்பிடுகிறார். ஒத்துப்போகாத கட்டத்தை மட்டும் பிரித்து அடுக்கினால் போதும். இதனால் கொஞ்சம் தரை வீணாகிறது. சீசன் உச்சத்தில் இடம் போதாமல் ஒரே கட்டத்தில் இரண்டு இன்வாய்ஸைக் கலந்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் கணக்கு மறுபடி ஆடத்தான் செய்கிறது.

நெய்த பிளாஸ்டிக் மூட்டை மட்டுமே போடும் தொழிற்சாலைக்கு என் பதில் வேறாக இருக்கலாம். உள்வரிசையையும் அங்கே ரீடர் எட்டிப் பிடிக்கக்கூடும். மினுமினுக்கும் உள்பை போடுகிற இடமென்றால் அதையும் கவனிக்க வேண்டும், அந்த மினுமினுப்பு பெரும்பாலும் பாலியெஸ்டரில் பூசிய அலுமினியம்தான். ரீடர் விற்க வருகிறவரிடம் காலி மூட்டையில் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் கிடங்கின் நிறைந்த மூட்டையில் டேக் தைத்து, அதை இரண்டாவது வரிசையில் வைத்து, மேலே நான்கு மூட்டை ஏற்றி, எண்களை முன்னாலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வேறு இன்வாய்ஸின் டேக் போட்ட மூட்டைகள் பத்தையும் வையுங்கள். திரையில் வரும் எண்களில் எத்தனை உங்கள் தாளில் இல்லை என்பதை முதலில் பாருங்கள், எத்தனை விடுபட்டன என்பதை அதற்குப் பிறகு.